பதில் மெயில் ஏன் தனியாகப் போய் நிற்கிறது?

ஆறுமுகநேரியில் இருக்கும் வாப்பா, துபாயில் உள்ள மகனுக்கு 'விசா பேப்பர்' என்ற தலைப்பில் மெயில் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். மகன் Reply அழுத்தி எழுதும்போது, முந்தைய மெயிலின் அடையாளக் குறியும் In-Reply-To, References என்ற வரிகளில் கண்ணுக்குத் தெரியாமல் கூடவே வரும். அந்தக் குறியோடு தலைப்பும் ஒத்திருந்தால்தான் ஜிமெயில் இரண்டையும் ஒன்றாக அடுக்கும். முன்னால் சேரும் 'Re:' மட்டும் மாற்றமாகக் கருதப்படாது.

தலைப்பை 'விசா பேப்பர் திருத்தம்' என மாற்றினால், குறி இருந்தும் பதில் தனியாகப் பிரிந்துவிடும். வாப்பா பழைய அடுக்கை மட்டும் திறந்து, திருத்தாத பேப்பரையே பிரிண்ட் எடுத்துவிடக்கூடும்.

ஆகவே, அதே விஷயம் என்றால் தலைப்பைத் தொடாதீர்கள். வேறு விஷயம் என்றால் கட்டாயம் மாற்றுங்கள். 100 மெயில்களைத் தாண்டினால் ஜிமெயில் தானாகவே பிரித்துவிடும்.