வரியில் இருந்ததைக் கட்டத்தில் போட்டேன்!

போன மாதம் ஒரு புதன்கிழமை. ஆறாவது படிக்கும் என் பெண் அழுதுகொண்டே வந்தாள். ஓவிய நோட்டு கொண்டு போகாததால் அந்த பீரியட் முழுக்க நின்றாளாம்.

அவள் டைம்டேபிளை வாங்கிப் பார்த்தேன். டீச்சர் சொன்னதை அப்படியே வரிவரியாக எழுதியிருந்தாள்: "முதல் பீரியட் தினமும் தமிழ். இரண்டாவது கணக்கு, புதன் மட்டும் ஓவியம். மூன்றாவது இங்கிலீஷ், திங்களும் வியாழனும் விஞ்ஞானம்." இதில் 'புதன் மட்டும்' எப்படிக் கண்ணில் படும்?

அன்றிரவே ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டேன். மேலே 5 நாள், இடது ஓரத்தில் 8 பீரியட். மொத்தம் 40 கட்டம். 'மட்டும்', 'தவிர' என்று வருவதை முதலில் பென்சிலால் எழுதிவிடுங்கள். தினசரிப் பாடத்தை மிச்சக் கட்டங்களில் நிரப்பினால் அழிக்கும் வேலை இல்லை.

| பீரியட் | திங்கள் | செவ்வாய் | புதன் | வியாழன் | வெள்ளி |
|---|---|---|---|---|---|
| 1 | தமிழ் | தமிழ் | தமிழ் | தமிழ் | தமிழ் |
| 2 | கணக்கு | கணக்கு | ஓவியம் | கணக்கு | கணக்கு |
| 3 | விஞ்ஞானம் | இங்கிலீஷ் | இங்கிலீஷ் | விஞ்ஞானம் | இங்கிலீஷ் |

இப்படியே எட்டு வரிசையும் போட்டு முடித்தபோது, வெள்ளி ஆறாவது கட்டத்தில் விளையாட்டும் தையலும் சேர்ந்து நின்றன, ஐந்தாவது காலி! வரியில் தெரியாத தப்பு கட்டத்தில் தெரிந்துவிட்டது. நாமாக ஊகிக்கக் கூடாது. டீச்சரிடம் கேட்டதில் தையல் ஐந்தாவது என்றார்.

நாட்களை மேலே போட்டதற்குக் காரணம் உண்டு. ராத்திரி பை அடுக்கும்போது நாளைய நாளின் கீழே விரலை ஓட்டினால் போதும். மற்ற நாட்களைப் பார்க்கவே வேண்டாம். திருவொற்றியூரில் எங்கள் வீட்டு அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். இப்போது அவளே அடுக்கிக்கொள்கிறாள்.