வீட்டுக்குள் மின்சாரம் – 7: பல்பு எரிந்தால் போதுமா?

பைப் ஓட்டி, வயர் இழுத்து, சுவிட்ச் போர்டெல்லாம் மாட்டியாகிவிட்டது. இனி மின் இணைப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு உரிமம் பெற்ற மின் கான்ட்ராக்டர் கையெழுத்திட்ட வயரிங் முடிவறிக்கை தேவை. பல வீடுகளில் இந்த இடத்தில் ஒரு தவறு நடக்கிறது. வேலையைச் செய்தவர் மேஸ்திரிக்குத் தெரிந்த ஒரு ஆள், உரிமம் இல்லாதவர். கையெழுத்துப் போடுபவர் இன்னொருவர். அவர் அந்த வீட்டு வாசலைக்கூட மிதித்திருக்க மாட்டார். அவருக்கு ஒரு தொகை போய்ச் சேர்கிறது, தாள் வந்துவிடுகிறது. சோதனை மட்டும் நடக்கவே இல்லை.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் மாற்றுவது போன்ற சில்லறை வேலைகளுக்கு விலக்கு உண்டு. புதிதாக வயரிங் செய்வதையும், இருக்கிற வயரிங்கைக் கூட்டுவதையும் மாற்றுவதையும் மாநில அரசின் உரிமம் பெற்ற கான்ட்ராக்டர்தான் செய்ய வேண்டும். தகுதிச் சான்று பெற்ற ஒருவர் நேரடியாக மேற்பார்வையிட வேண்டும். 1956ஆம் ஆண்டு விதிகளில் இருந்த இந்த நிபந்தனை, மத்திய மின்சார ஆணையத்தின் 2010ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளிலும் தொடர்ந்தது. தமிழ்நாட்டில் இந்த உரிமங்களையும், மேற்பார்வையாளர், வயர்மேன் தகுதிச் சான்றுகளையும் மின் உரிமம் வழங்கும் வாரியம் வழங்குகிறது.

உரிமம் இல்லாதவருக்கு வேலை தெரியாது என்று நான் சொல்லவில்லை. அழகாகப் பைப் ஓட்டுபவர்கள், வயரை ஒரு கீறல் விழாமல் இழுப்பவர்கள் அவர்களில் நிறைய உண்டு. ஆனால் பெரும்பாலோரிடம் மெக்கர் இருக்காது. வேலை முடிந்ததும் ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பார்ப்பார்கள். பல்பு எரியும், ஃபேன் சுற்றும், டெஸ்டர் மினுக்கும். "எல்லாம் ஓகே சார்" என்பார்கள். மின்சாரம் போக வேண்டிய இடத்துக்குப் போகிறது என்பது மட்டும்தான் இதில் தெரியும். போகக்கூடாத இடத்துக்கும் போகிறதா என்பது தெரியாது.

அதைச் சொல்வது மெக்கர். வயர் மேலுள்ள பிளாஸ்டிக் உறை எவ்வளவு உறுதியாக மின்சாரத்தைத் தடுக்கிறது என்று அளக்கும் கருவி அது. மெயினை அணைத்து, பிளக்குகளையும் பல்புகளையும் கழற்றி, சுவிட்சுகள் அனைத்தையும் போட்ட நிலையில் வைக்க வேண்டும். சுவிட்ச் அணைந்திருந்தால் அதற்கு அப்பால் உள்ள வயர் சோதனைக்குள் வராது. பிறகு ஃபேஸையும் நியூட்ரலையும் ஒன்றாகச் சேர்த்து, அவற்றுக்கும் எர்த்துக்கும் இடையே 500 வோல்ட் கொடுத்து ஒரு நிமிடம் பார்ப்பார்கள். வீடு முழுவதற்குமாக ஒரு மெக்ஓமாவது காட்ட வேண்டும். புது வயரிங்கில் இதைவிடப் பல மடங்கு காட்டுவதுதான் இயல்பு. ஒன்றை ஒட்டி நின்றாலே எங்கோ ஈரமோ சிராய்ப்போ இருக்கிறது என்று பொருள்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். இரண்டு படுக்கையறை, எட்டு சர்க்யூட். எல்லாப் பல்பும் எரிந்துவிட்டது. மெக்கர் வைத்தால் முள் பூஜ்யத்தில் படுத்துவிடுகிறது. எட்டு எம்.சி.பி.யையும் அணைத்துப் பார்க்கிறார் வயர்மேன். அப்போதும் பூஜ்யம். எம்.சி.பி. அணைத்தால் ஃபேஸ் வயர்கள்தான் துண்டிக்கப்படும். நியூட்ரல்கள் எல்லாம் டி.பி. பாக்ஸுக்குள் ஒரே கட்டையில் சேர்ந்தே இருக்கும். ஆகவே கோளாறு நியூட்ரலில் என்று அவருக்குப் புரிந்துவிடுகிறது. கட்டையிலிருந்து நியூட்ரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி அளக்கிறார். ஐந்தாவதைக் கழற்றியதும் முள் நூறு மெக்ஓமைத் தாண்டுகிறது. அந்த வயர் போவது படுக்கையறைக்கு. அங்கே சுவிட்ச் போர்டைத் திறந்தால் காரணம் கண்ணில் படுகிறது: பிளேட்டைப் பிடிக்கும் திருகு சற்று நீளம், உள்ளே நெருக்கமாக மடித்துத் திணித்த நியூட்ரல் வயரைக் குத்திக்கொண்டு மெட்டல் பாக்ஸில் இறங்கியிருக்கிறது. பாக்ஸ் எர்த் செய்யப்பட்டது. அந்த வழியாக நியூட்ரல் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது.

இந்தக் கோளாறோடு அந்த வீட்டில் குடி போயிருந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும். பல்பு எரியும்போது ஒன்றும் நடக்காது. அயர்ன் பாக்ஸ் போட்டதும் ஆர்.சி.சி.பி. விழும். ஃபேஸ் வழியாகப் போகும் மின்சாரமும் நியூட்ரல் வழியாகத் திரும்புவதும் சமமாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அதன் வேலை. வித்தியாசம் 30 மில்லிஆம்பியரை எட்டுவதற்குள் துண்டித்துவிடும். இங்கே திரும்பி வருவதில் ஒரு பங்கு எர்த் வழியாக நழுவுகிறது, ஆகவே அது விழுகிறது. படுக்கையறையில்தான் கோளாறு என்றாலும், சமையலறையில் மிக்சி போட்டாலும் விழும். வீட்டுக்காரர் வயரிங் செய்தவரைக் கூப்பிடுவார். அவரிடம் மெக்கர் இல்லை. "இந்த மாடலே இப்படித்தான் சார், சும்மா சும்மா விழும்" என்று சொல்லி, ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி நேராக இணைத்துவிட்டுப் போவார். தொந்தரவு நின்றுவிடும். ஷாக்கிலிருந்து உயிரைக் காக்க அந்த வீட்டில் இருந்த முக்கியமான கருவியும் அன்றோடு போய்விடும். பின்னொரு நாள் கீசர் எலிமென்ட் கசியும்போது துண்டிக்க எதுவும் இருக்காது. ஒரு திருகை மாற்றி, ஒரு துண்டு வயரைப் புதிதாக இழுத்திருந்தால் தீர்ந்திருக்கும் விஷயம் இது. இப்படி நேராக இணைக்கப்பட்ட பாக்ஸைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்குகிறது.

மெக்கர் தவிர, எர்த் தொடர்ச்சியையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மூன்று பின் பிளக்கின் மேல் ஓட்டையிலிருந்தும் எர்த் கட்டை வரை மின்தடை ஒரு ஓமுக்குள் இருக்க வேண்டும். பச்சை வயர் போர்டு வரை வந்து, திருகில் மாட்டாமல் தொங்கும் வீடுகள் உண்டு. எர்த் வயர் இழுக்காமல் நியூட்ரலிலிருந்தே எர்த் ஓட்டைக்கு ஒரு துண்டு கொடுத்த வீடுகளும் உண்டு. பின்னது மிகவும் கொடியது. நியூட்ரல் எங்காவது அறுந்தால் ஃபிரிட்ஜின் உடம்பு முழுக்க ஃபேஸ் ஏறி நிற்கும். அடுத்தது, சுவிட்ச் ஃபேஸில்தான் இருக்கிறதா என்ற சோதனை. இது சில நிமிட வேலை. மின்சாரம் வந்த பிறகு ஆர்.சி.சி.பி. எத்தனை மில்லிசெகண்டில் விழுகிறது என்பதை அதற்கான கருவியால் அளக்க வேண்டும். 30 மில்லிஆம்பியர் கசிவில் 300க்குள் விழ வேண்டும். அதன் முகப்பில் இருக்கும் 'டி' பொத்தானை அழுத்தினால் கருவி வேலை செய்கிறது என்பது தெரியும். உங்கள் வீட்டு எர்த் சரியாக இருக்கிறதா என்பது தெரியாது.

ஆளை அமர்த்தும் முன் கான்ட்ராக்டரின் உரிமத்தை வாங்கிப் பாருங்கள். பெயர், எண், எந்தத் தேதி வரை செல்லும் என்பது அதில் இருக்கும். உங்கள் வீட்டில் நின்று மேற்பார்க்கப்போவது யார், அவருடைய தகுதிச் சான்று எங்கே என்றும் கேளுங்கள். கூலியைப் பேசும்போதே சோதனையையும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள். சோதனை நடக்கும் நாளில் பக்கத்தில் நில்லுங்கள். 'சரி' என்று ஒரு சொல் எழுதிய தாள் வேண்டாம். ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் மெக்கர் காட்டிய எண், எர்த் எண், தேதி, சோதித்தவரின் கையெழுத்து என்று எழுதி வாங்குங்கள். அந்தத் தாள் கைக்கு வரும் வரை கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.