நாலு ‘ஸ்’: தோடர் மொழியின் சீறொலிகளை எண்ணால் பிரிப்பது எப்படி?

நீலகிரியில் வாழும் தோடர்களின் மொழி தமிழுக்கு நெருங்கிய உறவு. நம் ‘பால்’ அங்கே ஏறக்குறைய ‘போஸ்’ என்று ஒலிக்கும். மொழியைக் குறிக்கும் சொல்லும் ‘போஸ்’ போலத்தான் புதிய காதில் விழும். ஓர் இடப்பெயரும் அப்படியே. நம் ‘காசு’ அங்கே ‘கோஸ்’. ஆனால் இந்த நான்கு சொற்களின் கடைசியில் வரும் சீறொலிகள் நான்கும் வெவ்வேறு. தோடர் அவற்றைக் குழப்பிக்கொள்வதில்லை. நம் எழுத்திலோ ‘ஸ்’, ‘ஷ்’ என்று இரண்டைத்தான் பிரித்துக் காட்ட முடிகிறது.

1930களில் இம்மொழியை ஆராய்ந்த எமனோ காதால் கேட்டுக் குறிப்பெடுத்தார். 1990களில் பீட்டர் லடெஃபோகட், பெரி பாஸ்கரராவ் முதலிய ஒலியியலாளர்கள் ஒலிப்பதிவுகளைக் கொண்டு இதே ஒலிகளை ஆராய்ந்தார்கள். கேட்டதை எழுதிய இடத்தில் பதிந்ததை அளக்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. ‘ஸ்’ என்பது வெறும் இரைச்சல். அதில் ராகமும் இல்லை, சுருதியும் இல்லை. அதை எப்படி அளப்பது?

முதலில் அந்த இரைச்சல் பிறக்கும் விதத்தைப் பார்ப்போம். நாக்கு மேலே எழும்பி ஒரு குறுகிய வழியை விட்டுவைக்கிறது. அதன் வழியே பீறிடும் காற்று பற்களில் மோதிக் கலைகிறது. இந்த இரைச்சலுக்கு நிறம் கொடுப்பது, குறுகிய வழிக்கும் உதட்டுக்கும் நடுவே உள்ள சிறு அறை. அறை சிறிதானால் உயர்ந்த அதிர்வெண்கள் ஓங்கும். பெரிதானால் தாழ்ந்தவை ஓங்கும். ஒரு பக்கம் மூடி மறுபக்கம் திறந்த குழாயாக அதை எண்ணிக் கணக்கிட்டால், ஒன்றேகால் சென்டிமீட்டர் நீளத்துக்குச் சுமார் 7,000 ஹெர்ட்ஸ் வரும். இரண்டரை சென்டிமீட்டரானால் அதில் பாதி, 3,500.

தோடர் மொழியின் நான்கும் இந்த அறையின் அளவிலும் நாக்கின் வடிவத்திலும் வேறுபடுகின்றன. காசின் ‘ஸ்’ஸில் நாக்கின் தட்டைப் பகுதி மேல்பற்களை ஒட்டி எழும்புகிறது. பாலின் ‘ஸ்’ஸில் நாக்கின் நுனி பல்லுக்குப் பின்னுள்ள மேட்டை நெருங்குகிறது. மொழியைக் குறிக்கும் சொல்லில் நம் ‘ஷ்’ போன்ற ஒலி. இடப்பெயரில் நாக்கு மடங்கி, அதன் அடிப்புறம் அண்ணத்தை நோக்கித் திரும்புகிறது. நம் ‘ட’, ‘ண’, ‘ள’ போன்றவற்றின் உறவினன் அது.

இரைச்சலில் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்று காட்டும் படத்துக்கு நிறமாலை என்று பெயர். ப்ராட் போன்ற மென்பொருள்களில் கரடுமுரடான மலைத்தொடர் போலத் தெரியும். இந்த மலைத்தொடரை நான்கு எண்களாகச் சுருக்கும் முறையை 1988இல் ஃபாரஸ்ட்டும் அவருடைய கூட்டாளிகளும் ஆங்கில மெய்யொலிகளுக்குக் கையாண்டார்கள். புள்ளியியலில் மதிப்பெண்களின் பரவலை விவரிக்கப் பயன்படும் அதே நான்கு எண்கள்தான் இவை. ஆய்வாளர்கள் ‘ஸ்பெக்ட்ரல் மொமென்ட்’ என்பார்கள்.

முதலாவது சராசரி. நீண்ட பலகையின் மேல் ஆங்காங்கே எடைகளை வைத்தால், பலகை சாயாமல் நிற்கும் புள்ளி ஒன்று இருக்குமே, அதுதான் இது. ப்ராட் மென்பொருளில் `Get centre of gravity` என்ற கட்டளை இதைத்தான் தரும். இரண்டாவது திட்ட விலக்கம்: ஆற்றல் அந்தப் புள்ளியைச் சுற்றி எவ்வளவு பரந்திருக்கிறது என்பது. மூன்றாவது கோட்டம்: ஆற்றல் ஒரு பக்கம் குவிந்து மறுபக்கம் வால் நீள்கிறதா என்பது. நான்காவது தட்டை அளவு: சிகரம் கூரானதா, தட்டையானதா என்பது.

கற்பனையான ஒரு ‘ஸ்’ஸை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மொத்த ஆற்றல் 100 பங்கு. 4,000 ஹெர்ட்ஸில் 10, 5,000இல் 20, 6,000இல் 40, 7,000இல் 20, 8,000இல் 10 என்று வைப்போம். இரு பக்கமும் சமம் என்பதால் சராசரி 6,000, கோட்டம் பூஜ்யம், திட்ட விலக்கம் சுமார் 1,100. இனி ஒரு ‘ஷ்’: 3,000இல் 50, 4,000இல் 30, 5,000இலும் 6,000இலும் பத்துப் பத்து. சராசரி 3,800. ஆற்றல் கீழே குவிந்து வால் மேல்நோக்கி நீள்வதால் கோட்டம் நேர்க்குறி எண். பரவல் சுமார் 1,000, முந்தையதைப் போலத்தான். ஆக இந்த இரண்டையும் பிரிப்பவை முதல் எண்ணும் மூன்றாம் எண்ணுமே. உண்மையான பேச்சிலும் இதே போக்குதான். 2000இல் வெளியான ஓர் ஆய்வில், ஜாங்மனும் மற்றவர்களும் ஆங்கிலம் பேசும் 20 பேரின் ஒலிகளை அளந்தபோது, ‘ஸ்’ வகைக்கு 6,100க்குச் சற்று மேலும், ‘ஷ்’ வகைக்குச் சுமார் 4,200ம் சராசரியாகக் கிடைத்தன.

அவை ஒலிப்பதிவுக் கூடத்துக்கு ஏற்ற எண்கள். களப்பதிவு வீட்டுத் திண்ணையிலோ புல்வெளியிலோ நடக்கும். அங்கே மலைக்காற்று மைக்கில் மோதும். அந்த இரைச்சல் 200 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும், காதுக்கு அவ்வளவாகத் தொந்தரவும் தராது. நம் ‘ஸ்’ஸின் 100 பங்கோடு 200 ஹெர்ட்ஸில் 40 பங்கு காற்று சேர்ந்துவிட்டது என்று வைப்போம். சராசரி 6,000இலிருந்து சுமார் 4,340க்கு விழுந்துவிடும். சொன்னவர் சுத்தமாக ‘ஸ்’ என்றார். எண்ணோ ‘ஷ்’ என்கிறது.

இதைக் கண்டுபிடிக்க இரண்டாம் எண்ணைப் பார்த்தால் போதும். பரவல் 1,100இலிருந்து கிட்டத்தட்ட 2,800க்கு எகிறியிருக்கும். ஆற்றல் இரண்டு தொலைவான இடங்களில் பிரிந்து கிடக்கிறது என்று அதற்குப் பொருள். சராசரி நின்ற 4,340இல் உண்மையில் ஒலியே பெரிதாக இல்லை. சராசரி ஒருபக்கமும் நிறமாலையின் உச்சி வேறுபக்கமும் நின்றால், அங்கே வேற்றாள் ஒருவர் புகுந்திருக்கிறார். அதனால்தான் அளப்பதற்கு முன் 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வடிகட்டிவிடுகிறார்கள். நம் கணக்கில் அப்படி வடிகட்டினால் 6,000 திரும்பக் கிடைக்கும். குரல்நாண் அதிர்வின் எச்சமும் மின்சார ரீங்காரமும் அதோடு பெருமளவு போய்விடும்.

சில்வண்டு அப்படி இல்லை. அதன் குரல் சீறொலி வாழும் அதே பட்டையில் வாழ்கிறது. வடிகட்டினால் இரண்டும் சேர்ந்தே போகும். 5,000 ஹெர்ட்ஸில் 100 பங்கு வலிமையோடு ஒரு வண்டு கத்தினால், நம் ‘ஸ்’ 5,500க்கு இறங்கும், ‘ஷ்’ 4,400க்கு ஏறும். இரண்டுக்கும் இடையே 2,200 ஆக இருந்த இடைவெளி பாதியாகச் சுருங்கிவிடும். எல்லா ஒலிகளும் வண்டின் பக்கம் இழுக்கப்படுவதால், தோடர் மொழியின் நுணுக்கமான வேறுபாடுகள்தாம் முதலில் மறையும்.

இதற்கு மருந்து மைக் வைக்கும் இடத்தில் இருக்கிறது. முப்பது சென்டிமீட்டர் தள்ளி இருந்த மைக்கை ஐந்து சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால், பேச்சின் ஆற்றல் ஏறக்குறைய 36 மடங்காகும். தொலைவில் உள்ள வண்டின் ஆற்றல் மாறாது. முன்பு 5,500 என்று காட்டிய ‘ஸ்’ இப்போது 5,970ஐத் தாண்டும். தலையில் மாட்டும் மைக்கைக் களப்பணியாளர்கள் விரும்புவது இதனால்தான். ஆனால் வாய்க்கு நேரே வைத்தால் சீறும் காற்றே மைக்கில் அடிக்கும். வாயோரத்தில், சற்றுப் பக்கவாட்டில் வைக்க வேண்டும். சொல்லுக்கு முன்னே உள்ள மௌனத்தையும் சேர்த்துப் பதிந்துகொண்டால், அந்த மௌனத்தின் நிறமாலையைத் தனியாகப் பார்த்து, இரைச்சல் எங்கே எவ்வளவு என்று சரிபார்க்கலாம்.

கீழிருந்து வரும் ஆபத்து காற்று என்றால், மேலிருந்து வரும் ஆபத்து பதிவுக் கருவி. நொடிக்கு 44,100 மாதிரிகள் எடுக்கும் பதிவில் 22,050 ஹெர்ட்ஸ் வரை தங்கும். மாதிரி எண்ணிக்கையில் பாதிதான் உச்சவரம்பு. பழைய தொலைபேசித் தரத்தில் நொடிக்கு 8,000 மாதிரிகள்தாம். அங்கே 4,000க்கு மேல் எதுவும் மிஞ்சாது. நம் ‘ஸ்’ஸில் பத்தில் ஒன்பது பங்கு வெட்டுப்பட்டுவிடும். ‘ஷ்’ பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். இப்படி வெட்டுப்பட்ட பதிவிலும் மென்பொருள் தயங்காமல் நான்கு எண்களைத் தரும். எனவே வேறு வேறு மேல்வரம்பில் அளந்த எண்களை அருகருகே வைத்து ஒப்பிடுவது வீண்வேலை. பழைய ஒலிநாடாவையும் புதிய பதிவையும் ஒப்பிட வேண்டுமானால், இரண்டையும் குறைந்த வரம்புக்கே வெட்டி அளக்க வேண்டும்.

இன்னொரு நுட்பம் உண்டு. இரைச்சல் நொடிக்கு நொடி மாறுவது. 20 மில்லிநொடித் துண்டு ஒன்றை வெட்டி அளந்தால், அடுத்த துண்டில் சிகரங்கள் இடம் மாறியிருக்கும். ஷேடல் போன்ற ஒலியியலாளர்கள் வலியுறுத்துவது இதைத்தான்: ஒரே ஒலியின் நடுப்பகுதியிலிருந்து பல துண்டுகளையோ, ஒரே சொல்லின் பல உச்சரிப்புகளையோ எடுத்து, அவற்றின் நிறமாலைகளைச் சராசரி செய்த பிறகே எண்களைக் கணக்கிட வேண்டும். மூன்றாம், நான்காம் எண்களுக்கு இது மிக அவசியம். அவை ஓரத்தில் கிடக்கும் சிறு ஆற்றலுக்கும் பெரிதாக ஆடிவிடுபவை.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் நான்கு ஒலிகளும் தாமாகப் பிரிந்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பெண்களின் வாயறை பொதுவாகச் சிறிது என்பதால் அவர்களின் எண்கள் உயர்ந்திருக்கும். ஒருவரின் ‘ஷ்’ இன்னொருவரின் ‘ஸ்’ஸை நெருங்கலாம். ஆகவே ஒப்பீடு ஒரே ஆளின் ஒலிகளுக்குள் நடக்க வேண்டும். அப்போதும் ‘ஷ்’ஷும் வளைநா ‘ஷ்’ஷும் அருகருகே நிற்கக்கூடும். இரண்டிலும் அறை பெரியது, ஆற்றல் கீழே குவிகிறது. சராசரிக்குப் பிரித்துக் காட்ட அதிகம் இல்லை.

அந்த இடத்தில் இரைச்சலை விட்டுவிட்டு அதற்கு முந்தைய உயிரொலியைப் பார்க்க வேண்டும். உயிரொலியில் சில அதிர்வெண் பட்டைகள் ஓங்கி நிற்கும். அவற்றை ஃபார்மன்ட் என்பார்கள். நாக்கு மடங்கத் தொடங்கும்போதே மூன்றாவது பட்டை கீழே சரியும்; அது வளைநா ஒலியின் முத்திரை. நாக்கின் தட்டைப் பகுதி அண்ணத்தை நோக்கி உயரும் ‘ஷ்’ஷுக்கு முன்னாலோ இரண்டாவது பட்டை மேலே ஏறும். தோடர் சொற்களில் இந்தச் சீறொலிகள் உயிருக்குப் பின் வருவது அளப்பவருக்கு நல்வாய்ப்பு. மடங்கும் நாக்கின் சுவடு உயிர் முடியும் இடத்தில்தான் மிகத் தெளிவு. இந்தச் சுவடு 4,000 ஹெர்ட்ஸுக்குக் கீழேயே முடிந்துவிடுவதால், மேற்பகுதி வெட்டுப்பட்ட பழைய பதிவிலும் தேறும்.

ஆகவே தோடர் மொழியின் சீறொலிப் பட்டியல் ஒன்றில் வெறும் சராசரிகள் மட்டும் இருந்தால் அதைக் கொண்டு எதையும் முடிவு செய்ய இயலாது. எந்த எல்லைக்குள் வடிகட்டினார்கள், எத்தனை துண்டுகளைச் சராசரி செய்தார்கள், மைக் எங்கே இருந்தது, முந்தைய உயிரின் இரண்டாம், மூன்றாம் பட்டைகள் எங்கே போய் முடிந்தன என்பவையும் பக்கத்தில் இருக்க வேண்டும். அவை இருந்தால் இன்னொருவர் அதே பதிவை எடுத்து அதே எண்ணுக்கு வந்து சேரலாம். வராவிட்டால் எங்கே பிசகியது என்றும் சொல்லிவிடலாம்.