கை நீட்டிய ராஜா... கணக்கெழுதிய மனிதர்... யார் அவர்?

“நீலகிரியில வெள்ளைக்காரன்கிட்ட கணக்கு எழுதுனவரு. நம்ம சனத்துக்குன்னு பத்திரிகை போட்டாரு. சீமைக்குப் போயி ராஜாவையே நேருக்கு நேரா பார்த்து, ‘நான் தீண்டத்தகாதவன்’னு சொன்னாரு. பேருதான் வாய்ல வரமாட்டேங்குது சாமி.”

தன் பாட்டி இப்படிச் சொன்னதாக ஒரு கல்லூரி மாணவி நம்மிடம் வந்தார். பாட்டிக்கு இது அவருடைய அப்பா சொன்ன கதை. மாணவி தன் கட்டுரை நோட்டில் ‘அயோத்திதாசர்’ என்று எழுதியிருந்தார். பக்கத்தில் தோழி ஒருவர் ‘அம்பேத்கர்’ என்று திருத்தியிருந்தார். இரண்டுமே தவறு. ஆனால், இரண்டுக்கும் காரணம் இருக்கிறது.

அயோத்திதாசர் என்று நினைத்தது ஏன்? நீலகிரி, பத்திரிகை என்ற இரண்டு குறிப்புகளும் அவருக்குப் பொருந்துகின்றன. இளமையில் நீலகிரியில் வாழ்ந்தவர் அவர். 1907-ல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கியவர். அதனால் இந்த இரண்டு குறிப்புகளை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் தவறான வீட்டுக் கதவைத்தான் தட்டுவோம்.

பெயர் தெரியாத ஒருவரைத் தேடும்போது, எந்தக் குறிப்புக்கு ஆண்டு சொல்ல முடியுமோ அதிலிருந்து தொடங்க வேண்டும். பாட்டியின் கதையில் அது சீமைப் பயணம். தீண்டாமை பற்றிப் பேச இந்தியப் பிரதிநிதிகள் லண்டன் போனது வட்டமேஜை மாநாட்டுக்கு. அது 1930 முதல் 1932 வரை மூன்று முறை கூடியது. அப்போது இங்கிலாந்தின் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ். அயோத்திதாசர் 1914-லேயே காலமாகிவிட்டார். ஆக, அவர் இல்லை.

சரி, அம்பேத்கரா? அவர் மாநாட்டுக்குப் போனவர், பத்திரிகை நடத்தியவரும்கூட. ஆனால் அவர் பம்பாய் மாகாணத்து வழக்கறிஞர். நீலகிரியில் கணக்கு எழுதியவர் அல்ல. முதல் மாநாட்டில் ஒடுக்கப்பட்ட மக்களின் பிரதிநிதிகளாக அமர்ந்தவர்கள் இருவர். ஒருவர் அம்பேத்கர். மற்றவர் நம் சென்னை மாகாணத்திலிருந்து போன இரட்டைமலை சீனிவாசன்.

இப்போது மீதிக் குறிப்புகளை அவர்மீது வைத்துப் பார்ப்போம். செங்கல்பட்டுச் சீமையின் கோழியாளம் கிராமத்தில் பிறந்தவர். நீலகிரியில் ஐரோப்பியர் நிறுவனத்தில் கணக்கர் வேலை பார்த்தார். பிறகு சென்னைக்கு வந்து, 1893-ல் ‘பறையன்’ என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார். எந்தப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்தினார்களோ, அதையே முகப்பில் அச்சிட்டார். எல்லாக் குறிப்பும் பொருந்திவிட்டது.

பாட்டியிடம் இன்னும் ஒரு கேள்வி கேட்டுவரச் சொன்னோம்: “அவர் வைத்தியம் பார்த்தவரா, கணக்கு எழுதியவரா?” பாட்டி யோசிக்கவே இல்லையாம். “வைத்தியமா? கணக்குப்பிள்ளைன்னுதானே சொல்றேன்” என்றாராம். அயோத்திதாசர் சித்த மருத்துவர். ஊரும் பத்திரிகையும் பிரிக்காத இருவரை அவர்களின் தொழில் பிரித்துவிட்டது.

இந்தக் குழப்பத்துக்கு உறவும் ஒரு காரணம். சீனிவாசனின் சகோதரியை மணந்தவர் அயோத்திதாசர். மாமன், மச்சான் இருவரும் ஒரே காலத்தில், ஒரே மக்களுக்காக உழைத்தார்கள். வாய்வழிக் கதையில் ஒருவர் செய்தது இன்னொருவர் கணக்கில் ஏறிவிடுவது இப்படித்தான்.

மன்னரைச் சந்தித்த கதையும் மேடைக்கு மேடை மாறும். மன்னர் கை நீட்டியும் இவர் கை கொடுக்கவில்லை என்பார்கள். தீண்டத்தகாதவன் என்று எழுதிய பட்டையை அணிந்து போனார் என்பார்கள். அவர் சொன்னதாக வரும் வசனமும் ஆளுக்கொரு விதமாக இருக்கும். ஆளை அடையாளம் காண அந்த வசனத்தை நம்பக் கூடாது. எந்த ஊர், எந்த நிகழ்ச்சி, யார் முன்னால் என்ற மூன்றும் போதும். வசனம் மாறினாலும் லண்டனும் மாநாடும் மாறாது. 1939-ல் அவரே ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ என்று தன் வரலாற்றை எழுதிவைத்திருக்கிறார். பெயர் கிடைத்த பிறகு மாணவர்கள் திறக்க வேண்டிய முதல் புத்தகம் அது.

பெயர் மாறினால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். பொதுச் சாலையில் நடக்கவும் பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்கவும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்ற தீர்மானத்தை 1924-ல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தவர் இதே சீனிவாசன்தான். பாட்டியின் அப்பா நினைவில் வைத்திருந்தது லண்டன் கதையை. அந்த மனிதரின் பெயர் தெரிந்தால்தான், ஊர்த்தெருவில் நடக்கும் உரிமைக்காக வாதாடியவரும் அவரே என்பது பேத்திக்குத் தெரியவரும்.

மாணவி நோட்டில் இரண்டு பெயர்களையும் அடித்துவிட்டு மூன்றாவதை எழுதினார். அதன் கீழே, ‘சொன்னவர்: என் பாட்டி’ என்றும் எழுதச் சொன்னோம்.