பொய் பில்லும் சார்ஜ் மெமோவும்

"நீங்கள் கடந்த சில மாதங்களாகப் பொய்யான பயணச் செலவுக் கணக்குகளைச் சமர்ப்பித்து நிறுவனத்தை மோசடி செய்தது எங்கள் விசாரணையில் தெரியவந்துள்ளது. உங்களை ஏன் வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்பதற்கு 48 மணி நேரத்துக்குள் விளக்கம் அளிக்கவும்."

இப்படி ஒரு கடிதம் கையில் கிடைத்தால் அரண்டுபோகாதவர் குறைவு. கடுமையாகத்தான் இருக்கிறது. ஆனால் சட்டத்தின் கண்ணில் இது மிகப் பலவீனமான கடிதம். எந்த மாதம், எந்த ஊர்ப் பயணம், எந்த பில், எவ்வளவு பணம் என்று ஒன்றுமே இதில் இல்லை. குற்றம் இன்னதென்று சொல்லாமலேயே தீர்ப்பை மட்டும் எழுதி அனுப்பியிருக்கிறார்கள்.

தொழிற்சாலையோ, வங்கியோ, மருந்துக் கம்பெனியோ, ஊழியர் மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது சார்ஜ் மெமோ எனப்படும் குற்றச்சாட்டுக் குறிப்பாணையில்தான் தொடங்குகிறது. தமிழ்நாடு அரசு அலுவலகங்களில் "அவருக்குப் பதினேழு பி கொடுத்துவிட்டார்கள்" என்று கிசுகிசுப்பார்களே, அதுவும் இதே குடும்பம்தான். பின்னால் நடக்கும் விசாரணை எவ்வளவு ஒழுங்காக நடந்தாலும், இந்த முதல் காகிதம் தெளிவில்லாமல் இருந்தால் மொத்த நடவடிக்கையும் ஆட்டம் காணும். 1970-களின் தொடக்கத்திலேயே, சூரத் சந்திர சக்கரவர்த்தி என்ற மேற்கு வங்க அரசு ஊழியரின் வழக்கில், குற்றச்சாட்டுகள் மொட்டையாக இருந்ததால் அவருக்குத் தகுந்த எதிர்வாதத்துக்கே வாய்ப்பில்லாமல் போனது என்று உச்ச நீதிமன்றம் நடவடிக்கையை ரத்து செய்தது. இன்றும் இது போன்ற வழக்குகளில் முதலில் எடுத்துக் காட்டப்படும் தீர்ப்புகளில் அதுவும் ஒன்று.

அப்படியானால் சரியான நோட்டீஸ் எப்படி இருக்கும்? ஒரு கற்பனை உதாரணம் வைத்துக்கொள்வோம். மதுரையில் மருந்து விற்பனைப் பிரதிநிதி ஒருவர். 2025 மார்ச் 12, 13 தேதிகளில் நாகர்கோவில் போய் வந்ததாக டூர் பில் போட்டிருக்கிறார். லாட்ஜ் வாடகை 2,200 ரூபாய். சொந்தக் காரில் போக வர 490 கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு 9 ரூபாய் வீதம் 4,410 ரூபாய். ஆக 6,610 ரூபாய். கணக்குப் பிரிவுக்குச் சந்தேகம் வருகிறது. லாட்ஜில் விசாரித்தால், 1147 என்ற எண்ணுள்ள பில் மார்ச் 9 அன்று வேறொருவருக்குக் கொடுத்தது என்று மேலாளர் கடிதம் தருகிறார். சுங்கக் கட்டணத்துக்காக ரெப் தானே இணைத்துக் கொடுத்த மார்ச் மாத ஃபாஸ்டேக் அறிக்கையிலோ, கப்பலூர் முதல் நாங்குநேரி வரை எந்தச் சுங்கச்சாவடியிலும் அந்த இரண்டு நாளும் பதிவு இல்லை.

இதை "நாகர்கோவில் பயணம் பொய்" என்று ஒரே குற்றச்சாட்டாக எழுதத்தான் யாருக்கும் கை போகும். அங்கேதான் நிறுவனம் சறுக்கும். ஃபாஸ்டேக் அறிக்கை சொல்வது, அந்தக் கார் அந்த வழியில் போகவில்லை என்பதை மட்டும்தான். ஆள் போகவில்லை என்று அது சொல்லவில்லை. அவர் பஸ்ஸில் போயிருக்கலாம், சக ஊழியரின் காரில் ஒட்டிக்கொண்டு போயிருக்கலாம். மார்ச் 12 அன்று நாகர்கோவில் டாக்டர்களைப் பார்த்ததற்கு அவருடைய தினசரி அறிக்கையில் பதிவு இருந்தால், "பயணமே பொய்" என்ற குற்றச்சாட்டு அந்த இடத்திலேயே விழுந்துவிடும். காருக்கு வாங்கிய பணம் தவறு என்ற உண்மையான புகாரும் அதோடு சேர்ந்து அடிபட்டுப் போகும்.

ஆகவே அனுபவமுள்ள மனிதவள அதிகாரி இரண்டாகப் பிரித்து எழுதுவார்: "குற்றச்சாட்டு ஒன்று: 12.3.2025 இரவு மேற்படி லாட்ஜில் தங்காமல், தங்கியதாக 1147 எண் பில்லைச் சமர்ப்பித்து ரூ.2,200 பெற்றீர்கள். குற்றச்சாட்டு இரண்டு: 12, 13.3.2025 தேதிகளில் உங்கள் காரில் பயணம் செய்யாமல், செய்ததாகக் கூறி ரூ.4,410 பெற்றீர்கள். மேற்கண்ட செயல்கள், நிரூபிக்கப்பட்டால், நிறுவனத்தின் நிலையாணைகளின்படி நேர்மையின்மை என்ற ஒழுங்கீனமாகும். இதற்கு வேலைநீக்கம் வரை தண்டனை உண்டு." இதோடு இரண்டு பட்டியல்கள் இணைக்கப்படும். நிறுவனம் எந்த ஆவணங்களை நம்புகிறது, யாரைச் சாட்சியாக அழைக்கப் போகிறது என்பவை அவை.

அதில் "நிரூபிக்கப்பட்டால்" என்ற சொல்லைக் கவனியுங்கள். நம் முதல் கடிதம் "தெரியவந்துள்ளது" என்று முடித்துவிட்டது. முடிவெடுத்துவிட்டு விளக்கம் கேட்பது வெறும் சடங்கு. கடல் உணவு ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் வழக்கில், விளக்கம் கேட்கும் கட்டத்திலேயே குற்றம் உறுதி என்ற தொனியில் எழுதப்பட்ட நோட்டீஸை உச்ச நீதிமன்றம் 2010-ல் ஏற்க மறுத்தது. அது ஊழியர் வழக்கு அல்ல என்றாலும் விதி இங்கும் அதேதான்.

விளக்கம் திருப்தி தராவிட்டால் அடுத்த கடிதம் வரும். விசாரணை அதிகாரி யார், எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடம் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். ஊழியரின் உரிமைகளும் அதில்தான் எழுதப்படும். பலர் இந்தப் பகுதியைச் சம்பிரதாய வாசகம் என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். வழக்கு திரும்புவது பெரும்பாலும் இங்கேதான்.

முதல் உரிமை, ஆவணங்களைப் பார்ப்பது. நம் ரெப் லாட்ஜ் மேலாளரின் கடிதத்தையும் தான் கொடுத்த அசல் பில்லையும் கேட்டு வாங்கிப் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். பில்லில் தேதி கையால் எழுதப்பட்டதா? லாட்ஜில் இரண்டு பில் புத்தகங்கள் ஒரே நேரத்தில் புழங்கினவா? அசலைக் கண்ணால் பார்க்காமல் இந்தக் கேள்விகள் எழவே எழாது.

அடுத்தது, துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்வது. பொதுவாக உடன் வேலை செய்பவர் ஒருவரையோ, தான் உறுப்பினராக உள்ள தொழிற்சங்கத்தின் நிர்வாகியையோ அழைத்துக்கொள்ளலாம். வழக்கறிஞரைக் கூட்டிவர உரிமை உண்டா என்று எல்லோரும் கேட்பார்கள். வழக்கமாக இல்லை. ஆனால் நிறுவனத்தின் தரப்பை எடுத்துவைப்பவர் சட்டம் படித்தவராக இருந்தால், ஊழியருக்கு மட்டும் அதை மறுப்பது நியாயமல்ல என்று அரியானா விதைக் கழக ஊழியர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. விசாரணைப் பதிவு எந்த மொழியில் இருக்க வேண்டும் என்று கேட்கவும் ஊழியருக்கு இடமுண்டு. மத்திய மாதிரி நிலையாணைகளில் இந்தி, ஆங்கிலம், மாநில மொழி மூன்றில் ஊழியர் விரும்பியது என்றே எழுதியிருந்தார்கள். தமிழில் பேசியதை ஆங்கிலத்தில் சுருக்கித் தட்டச்சு செய்து, படித்துக்கூடக் காட்டாமல் கையெழுத்து வாங்கும் பழக்கம் நம்மூரில் இன்னும் ஒழியவில்லை.

குறுக்கு விசாரணை இதையெல்லாம்விடப் பெரிய உரிமை. லாட்ஜ் மேலாளரின் கடிதத்தை விசாரணை அதிகாரி கோப்பில் சேர்த்துவிட்டால் குற்றம் நிரூபணமாகிவிடுமா? ஆகாது. ரூப் சிங் நேகி என்ற வங்கி ஊழியரின் வழக்கில் (2008) உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: ஆவணத்தைத் தாக்கல் செய்வது வேறு, அதில் உள்ளதைச் சாட்சி மூலம் நிரூபிப்பது வேறு. மேலாளரோ, பில் புத்தகத்தைப் பராமரிப்பவரோ நேரில் வர வேண்டும். "அன்று இரவு வரவேற்பில் இருந்தது நீங்களா? பதிவேட்டைக் கொண்டுவந்திருக்கிறீர்களா?" என்று ரெப் கேட்க முடிய வேண்டும். வெளியாளான சாட்சியை வரவழைப்பது நிறுவனத்துக்குத் தலைவலிதான். அதற்காகக் கடிதத்தோடு முடித்துக்கொண்டால் பின்னால் தொழிலாளர் நீதிமன்றத்தில் மாட்டிக்கொள்ளும்.

ஊழியர்களும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இது கிரிமினல் கோர்ட் அல்ல. சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டிய கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று சான்றுகள் காட்டினால் போதும். "போலீஸ் கேஸே போடவில்லையே" என்பது ஒரு வாதமே ஆகாது.

விசாரணை முடியும்வரை பணியிடை நீக்கத்தில் வைத்திருந்தால் பிழைப்பூதியம் தர வேண்டும். மத்தியச் சட்டப்படி முதல் 90 நாளுக்குச் சம்பளத்தில் பாதி. ஊழியரால் அல்லாமல் தாமதம் நீண்டால் அதன் பின் முக்கால் பங்கு. 1946-ம் ஆண்டு நிலையாணைச் சட்டத்தில் இருந்த இந்தக் கணக்கு, அதன் இடத்துக்கு வந்த 2020 தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் அப்படியே தொடர்கிறது. இது வெறும் கருணைத் தொகை அல்ல. கோலார் தங்கச் சுரங்கத்தை நடத்திய பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனத்தின் அதிகாரி பால் அந்தோணி, பிழைப்பூதியம் தராததால் விசாரணைக்கு வந்துபோகவே கையில் பணமில்லை என்றார். அவர் இல்லாமலேயே நடந்து முடிந்த விசாரணை 1999-ல் உச்ச நீதிமன்றத்தில் நிற்கவில்லை.

தொகை சிறியது, அதனால் பெரிய தண்டனை வராது என்று நம்புகிறவர்கள் லண்டனில் நடந்ததைக் கேட்கலாம். சிட்டி வங்கி ஊழியர் ஒருவர் 2022-ல் ஆம்ஸ்டர்டாம் போனபோது தன் துணையையும் அழைத்துப் போனார். இரண்டு சாண்ட்விச், இரண்டு காபி என்று பில் கொடுத்தார். ஒரு நாளுக்கு அனுமதித்த 100 யூரோவை அவர் தாண்டவில்லை. கேட்டபோது, எல்லாம் நானே சாப்பிட்டேன் என்றார். பிறகுதான் உண்மை வெளிவந்தது. வேலை போயிற்று. 2023-ல் தொழில் தீர்ப்பாயமும் வங்கி பக்கமே நின்றது. பணம் எவ்வளவு என்பதைவிட, கேட்டபோது உண்மையைச் சொன்னாரா என்பதே அங்கு எடைபோடப்பட்டது. என் கருத்தில், விளக்கக் கடிதம் எழுத உட்காரும் எவரும் முதலில் நினைக்க வேண்டியது இந்த வழக்கைத்தான்.

நம் ரெப்புக்கே திரும்புவோம். அவர் உண்மையில் சக ஊழியரின் காரில்தான் போனார், இரவு அத்தை வீட்டில் தங்கினார், பில் இல்லாமல் பணம் வராது என்பதால் தெரிந்தவரிடம் லாட்ஜ் பில் ஒன்றை வாங்கி வைத்தார் என்றால், இரண்டு குற்றச்சாட்டுக்குமே அவரிடம் மறுப்பு இல்லை. டாக்டர்களைப் பார்த்த பதிவு, இத்தனை ஆண்டு அப்பழுக்கற்ற பணி, பணத்தைத் திருப்பிக் கட்டச் சம்மதம் ஆகியவை தண்டனையைக் குறைக்கக் கேட்கும் வாதங்கள் மட்டுமே. குற்றச்சாட்டு ஒன்றுக்கு ஒரு பதில், இரண்டுக்கு ஒரு பதில் என்று தனித்தனியாக எழுதி, தண்டனை பற்றிய வேண்டுகோளைக் கடைசியில் வைப்பதே நல்லது. "எல்லாம் பொய், என்மேல் காழ்ப்பு" என்று பொத்தாம்பொதுவாக மறுத்துவிட்டு, பின்னால் மன்னிப்புக் கேட்டால் அந்த மன்னிப்புக்கு மதிப்பே இருக்காது.

மாறாக, அவர் லாட்ஜில் தங்கியது உண்மையாகவே இருந்து, பில் புத்தகத்தில்தான் குழப்பம் என்றால், வாதம் முழுக்க அந்தப் புத்தகத்தைச் சுற்றியே இருக்க வேண்டும். அப்படியும் விசாரணை அதிகாரி அவருக்கு எதிராக எழுதினால், தண்டனை விதிக்கும் முன் அந்த அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி, அதற்கும் ஒரு பதில் எழுதலாம். தண்டனைக்கு முன்பே அறிக்கையைத் தர வேண்டும் என்பதை ஈ.சி.ஐ.எல். நிறுவன ஊழியர் கருணாகர் வழக்கில் 1993-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதி செய்தது. வேலைநீக்க உத்தரவோடு சேர்த்து அறிக்கையையும் ஒரே கவரில் அனுப்புகிற நிறுவனங்கள் இன்னும் உண்டு. அந்தக் கவரின் தபால் முத்திரையைப் பத்திரப்படுத்தி வைத்துக்கொள்வது ஊழியருக்குப் பின்னால் உதவும்.