பெயருக்குப் பின்னால் எத்தனை எழுத்துகள்?

புதிதாக ஓர் ஊருக்குக் குடிவந்த குடும்பம். வீட்டில் ஒரு கர்ப்பிணி. யாரிடம் காட்டலாம் என்று பக்கத்து வீட்டில் கேட்டாகிவிட்டது. இரண்டு மருத்துவமனைகளின் பெயர்கள் கிடைத்திருக்கின்றன. அடுத்து கைபேசியில் அந்த மருத்துவமனைகளின் இணையதளங்களைத் திறந்து, ‘எங்கள் மருத்துவர்கள்’ என்ற பகுதிக்குப் போகிறார்கள். அவர்கள் தெரிந்துகொள்ள விரும்புவது கொஞ்சம்தான்: இவர் என்ன படித்தவர், நம்முடைய பிரச்சினையைப் பார்க்கக்கூடியவரா, எந்த நேரத்தில் இருப்பார், சொல்லியிருப்பதெல்லாம் உண்மையா?

இந்தக் கேள்விகளுக்குப் பல மருத்துவமனைகளின் பக்கங்களில் பதில் இருப்பதில்லை. சில பக்கங்களில் ‘தலைசிறந்த’, ‘கைராசியான’ என்ற அடைமொழிகள் மட்டும் இருக்கும். வேறு சில நேர் எதிர்த் திசையில் போய்விடும்: மருத்துவரின் பிறந்த நாள், சொந்த ஊர், கணவரின் வேலை, பிள்ளைகள் படிக்கும் பள்ளி, சொந்த அலைபேசி எண் எல்லாம் வரிசையாக நிற்கும். முதல் வகையில் நம்புவதற்கு எதுவும் இல்லை. இரண்டாவது வகையில் ஏராளமான தகவல் இருந்தாலும், நோயாளி சரிபார்க்கக்கூடியது ஒன்றுகூட இல்லாமல் போகலாம்.

நல்ல அறிமுகப் பக்கத்தை உருவாக்குபவர் ஒவ்வொரு வரிக்கும் இரண்டு கேள்விகள் கேட்டாக வேண்டும். இது நோயாளி முடிவெடுக்க உதவுகிறதா? இதை வெளியாள் ஒருவர் சரிபார்க்க முடியுமா?

சரிபார்ப்பதற்கான முதல் பிடி, பதிவு எண். இந்தியாவில் நவீன மருத்துவம் பார்க்கும் ஒவ்வொருவரும் மருத்துவ கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிமுறைகளின்படி, அந்த எண்ணைக் கிளினிக்கிலும் மருந்துச் சீட்டிலும் சான்றிதழிலும் ரசீதிலும் காட்டுவது மருத்துவரின் கடமை. தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்ட்டில் புதிய விதிமுறைகளை வெளியிட்டு, அதே மாதத்தில் அவற்றை நிறுத்திவைத்தது. 2002 விதிகளே தொடர்ந்தன. தொலைமருத்துவத்துக்காக 2020 மார்ச்சில் வந்த வழிகாட்டுதல்கள், இணையதளத்திலும் மின்னஞ்சல், வாட்ஸ்அப் போன்ற தொடர்புகளிலும்கூடப் பதிவு எண் இருக்க வேண்டும் என்று சொல்கின்றன.

எண்ணை மட்டும் போட்டால் போதாது, எந்த மாநிலக் கவுன்சில் என்பதையும் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு மாநிலமும் தனியாக எண் கொடுப்பதால், ஒரே எண் இரண்டு மாநிலங்களில் இரண்டு பேருக்கு இருக்கலாம். பெயரும் பதிவேட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். நம் ஊரில் இது அடிக்கடி சிக்கலாகிறது. கல்லூரியில் அப்பாவின் தலைப்பெழுத்தோடு பதிவு செய்த பெண் மருத்துவர், திருமணத்துக்குப் பிறகு கணவரின் பெயரைச் சேர்த்து எழுதத் தொடங்கியிருப்பார். இணையதளத்தில் ஒரு பெயர், கவுன்சிலின் தேடலில் வேறு பெயர் என்றானால், தேடிய நோயாளிக்குத் தேவையில்லாத சந்தேகம் வரும். பதிவுப் பெயரை முதலில் போட்டு, ஊரில் வழங்கும் பெயரை அடுத்துச் சொன்னால் போதும். தலைப்பெழுத்தை விரித்து அப்பாவின் முழுப்பெயரைத் தர வேண்டிய அவசியமே இல்லை.

அடுத்தது பட்டங்கள். அங்கீகரிக்கப்பட்ட பட்டங்களையும், உண்மையான தொழில் அறிவை அல்லது சிறப்பான தகுதியைக் காட்டும் சான்றுகளையும் மட்டுமே பெயருக்குப் பின்னால் போடலாம் என்கின்றன 2002 விதிகள். ஒரு துறையில் சிறப்புத் தகுதி பெறாதவர், தன்னை அந்தத் துறையின் நிபுணர் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்றும் அவை சொல்கின்றன. நடைமுறையிலோ பெயருக்குப் பின்னால் எழுத்துகள் நீண்டுகொண்டே போகின்றன. மூன்று ஆண்டு முதுநிலைப் படிப்பும், சில நாள் பயிலரங்கில் கிடைத்த சான்றிதழும், சந்தா கட்டினால் கிடைக்கும் சங்க உறுப்பினர் அடையாளமும் அடுத்தடுத்து ஒரே அளவு எழுத்தில் நின்றால், படிப்பவருக்கு மூன்றும் ஒன்றாகவே தெரியும்.

‘எம்.டி.’ என்ற இரண்டு எழுத்துகள் இதற்கு நல்ல உதாரணம். இந்தியாவில் அது எம்.பி.பி.எஸ்.-க்குப் பிறகு படிக்கும் முதுநிலைப் பட்டம். ரஷ்யா, ஜார்ஜியா, பிலிப்பைன்ஸ் போன்ற நாடுகளில் அடிப்படை மருத்துவப் படிப்பை முடிப்பவர்களுக்கே ‘எம்.டி.’ பட்டம் தருகிறார்கள். அங்கே படித்துவிட்டு, இங்கே தகுதித் தேர்வில் தேறிப் பதிவு செய்தவர் முறையான மருத்துவர்தான். ஆனால் அந்தப் பட்டம் இங்கே எம்.பி.பி.எஸ். நிலைக்கானது. பக்கத்தில் வெறுமனே எம்.டி. என்று போட்டால் நோயாளி அவரைப் பொது மருத்துவ நிபுணர் என்று நினைத்துக்கொள்வார். நாட்டின் பெயரோடு ‘அடிப்படை மருத்துவப் பட்டம்’ என்று எழுதினால் குழப்பம் தீர்ந்தது. அதனால் அந்த மருத்துவருக்கு எந்தக் குறைவும் இல்லை. விஷயம் தெரிந்த ஒருவர் பின்னர் கண்டுபிடித்துச் சொன்னால்தான், மொத்த மருத்துவமனையின் மீதும் கேள்வி விழும்.

இருபது படுக்கைகள் உள்ள ஒரு சிறு நகர மருத்துவமனையை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள மகப்பேறு மருத்துவரின் அறிமுகம் இப்படித் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம்: பிறந்த தேதி, சொந்த ஊர், பள்ளியில் வாங்கிய பரிசு, வங்கி மேலாளரான கணவர், நகரின் பிரபல பள்ளியில் படிக்கும் இரண்டு குழந்தைகள், பத்தாயிரம் பிரசவங்கள் பார்த்த கைராசிக்காரர், எந்த நேரமும் அழைக்க அவரது கைபேசி எண், பட்டங்களாக ஆறு சுருக்கெழுத்துகள். பதிவு எண் இல்லை.

திருத்தி எழுதினால், பெயருக்குக் கீழே முதலில் ‘எம்.பி.பி.எஸ்., எம்.எஸ். (மகப்பேறு, மகளிர் மருத்துவம்)’ என்று வரும். ஒவ்வொரு பட்டத்துக்கும் கல்லூரியும் ஆண்டும் இருக்கும். அடுத்து கவுன்சிலின் பெயரும் பதிவு எண்ணும். பிறகு இரண்டே வரிகள்: ‘2012 முதல் மகப்பேறு மருத்துவர். உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ள கர்ப்பிணிகளுக்கான சிகிச்சையிலும் லேப்ராஸ்கோபி அறுவை சிகிச்சையிலும் பயிற்சி பெற்றவர்.’ குறுகிய காலப் பயிற்சிகள் தனி வரியில், எங்கே, எத்தனை மாதம் என்ற விவரத்தோடு. பேசும் மொழிகள். புறநோயாளிகளைப் பார்க்கும் நாளும் நேரமும். முன்பதிவுக்கு மருத்துவமனையின் எண்.

‘13 ஆண்டு அனுபவம்’ என்று எழுதினால் அடுத்த ஆண்டே அது பழைய கணக்காகிவிடும். ‘2012 முதல்’ என்பது எப்போதும் சரியாக இருக்கும். பத்தாயிரம் பிரசவங்களை யாராலும் எண்ணிப் பார்க்க முடியாது, அதனால் அது போய்விட்டது. விளம்பரம் செய்வதை 2002 விதிகள் கட்டுப்படுத்துகின்றன. தன் படத்தைப் பெயர்ப்பலகையிலும் லெட்டர்ஹெட்டிலும் அச்சிடுவதையே அவை சுயவிளம்பரம் என்கின்றன. ஆகவே வெற்றி சதவீதங்களும் நோயாளிகளின் புகழுரைகளும் இந்தப் பக்கத்தில் இல்லாமல் இருப்பதே பாதுகாப்பு.

கழித்துவிட்ட தனி விவரங்களுக்கும் தெளிவான காரணங்கள் உண்டு. பதிவிறக்கும் ஈ-ஆதார் கோப்பின் கடவுச்சொல், பெயரின் முதல் நான்கு எழுத்துகளும் பிறந்த ஆண்டும்தான். ஈ-பான் கோப்பு பிறந்த தேதியைக் கொண்டே திறக்கும். பெயரையும் பிறந்த தேதியையும் பக்கத்தில் சேர்த்துப் போட்டால், வேறெங்கோ கசியும் ஒரு கோப்புக்குச் சாவியையும் நாமே கொடுத்துவிடுகிறோம். வீடு இருக்கும் தெரு, பிள்ளைகளின் பள்ளி ஆகியவற்றுக்கு வேறு ஆபத்து. மருத்துவப் பணியாளர்கள் மீதான வன்முறையைத் தடுக்கத் தமிழ்நாடு 2008-இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. கோபத்தோடு வருபவர் மருத்துவமனை வாசல் வரை வரட்டும். வீட்டு வாசலுக்கு நாமே வழி சொல்ல வேண்டாம்.

நம்பிக்கை வரும் என்று நினைத்துச் சிலர் பட்டச் சான்றிதழையும் பதிவுச் சான்றிதழையும் ஸ்கேன் செய்து பக்கத்தில் ஏற்றுகிறார்கள். முத்திரை, கையெழுத்து, சான்றிதழ் எண் எல்லாம் தெளிவாக இருக்கும் அந்தப் படம், போலிச் சான்றிதழ் தயாரிப்பவருக்கு அப்படியே கைகொடுக்கும். நோயாளிக்கோ அந்தப் படத்தால் எதுவும் உறுதியாவதில்லை, ஏனென்றால் படத்தை யாரும் மாற்றலாம். பதிவு எண்ணைக் கவுன்சிலின் பதிவேட்டில் தேடுவதுதான் அவருக்குப் பயன்படும். அந்தத் தேடல் பக்கத்துக்கு ஓர் இணைப்பு கொடுத்தால் வேலை முடிந்தது.

புகைப்படத்திலும் கவனம் தேவை. கைபேசியில் இருப்பிடம் பதிவாகும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால், எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் படக் கோப்புக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். மருத்துவர் தன் வீட்டு மாடியில் எடுத்து அனுப்பிய படத்தை அப்படியே ஏற்றினால், வீட்டு முகவரியை எழுதாமலே எழுதியதாகிவிடும். எல்லோரையும் மருத்துவமனையிலேயே ஒரே பின்னணியில், ஒரே வெளிச்சத்தில் நிறுத்தி எடுப்பது நல்லது. பக்கமும் சீராக இருக்கும், இந்தப் பிரச்சினையும் எழாது. மேசை மேலிருக்கும் நோயாளியின் கோப்பு, சுவரில் தொங்கும் பணி அட்டவணை ஆகியவை படத்துக்குள் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

செவிலியர்களையும் வரவேற்பாளர்களையும் மருத்துவர்களைப் போலவே முழு விவரத்தோடு போட வேண்டியதில்லை. நோயாளி மருத்துவரைத் தேர்ந்தெடுத்து வருகிறார். இரவுப் பணிச் செவிலியரைத் தேர்ந்தெடுப்பதில்லை. தலைமைச் செவிலியரின் பெயரும் தகுதியும், மற்றவர்கள் செவிலியர் கவுன்சிலில் பதிவு பெற்றவர்கள் என்ற வரியும், மொத்த எண்ணிக்கையும் போதும். இளம்பெண் ஒருவரின் முழுப்பெயர், முகம், இரவுப் பணி நேரம், விடுதி ஆகிய நான்கும் ஒரே இடத்தில் சேர்ந்தால் பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பவருக்கு வேலை சுலபம். மருத்துவரின் புறநோயாளி நேரம் நோயாளிக்கு வேண்டும். ஒருவர் இரவில் எப்போது வேலை முடித்துக் கிளம்புவார் என்பது யாருக்கும் வேண்டாம்.

படமும் பெயரும் போடுவதற்கு முன் ஒவ்வொருவரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குவது அவசியம். 2023-இன் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதத்தைக் கொடுத்த அதே எளிமையோடு திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்கிறது. ‘வேலை வேண்டுமென்றால் படம் கொடு’ என்பது சம்மதம் ஆகாது. படம் வேண்டாம் என்பவருக்குப் பெயரும் தகுதியும் மட்டும் இருக்கட்டும்.

பக்கத்தை ஏற்றிய பிறகுதான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன. வாரம் ஒருமுறை வந்துபோன சிறப்பு மருத்துவர் நின்றுவிட்டிருப்பார். பக்கத்தில் அவர் இருந்துகொண்டே இருப்பார். இதய மருத்துவரை நம்பி வந்தவர் வரவேற்பறையில் உண்மை தெரிந்து திரும்புவார். ஒருவர் விலகினால் அன்றைக்கே அவர் பகுதியை நீக்க யாராவது ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும். பக்கத்திலிருந்து அறிமுகத்தை நீக்கினாலும் படக் கோப்பு சர்வரில் தங்கியிருக்கும், நேரடி முகவரி தெரிந்தவருக்குத் திறக்கும் என்பதால் கோப்பையும் தனியே அழிக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மருத்துவமனையோடு தொடர்பில்லாத ஒருவரிடம் கைபேசியைக் கொடுத்து, பக்கத்தில் உள்ள ஒவ்வொரு பதிவு எண்ணையும் கவுன்சிலில் தேடச் சொல்லலாம். பெயர் பொருந்தாமல் போகும் இடங்களையும், எண்ணே கிடைக்காத இடங்களையும் அவர் குறித்துக் கொடுத்தால், அடுத்து எந்த வரியைத் திருத்துவது என்பது அந்தப் பட்டியலிலேயே இருக்கும்.