திருடனுக்குப் பயந்தால் எந்த வேற்றுமை?

இரு மொழிகளிலும் வேற்றுமை எட்டு என்றதும், எண்ணுக்கு எண் பொருத்திவிடலாம் என்று மாணவர்கள் நினைத்துவிடுகிறார்கள். அச்சத்தைச் சொல்லும் வினை வந்ததும் கணக்கு உதைக்கிறது.

'திருடனுக்குப் பயப்படுகிறான்' என்பதில் உள்ள 'கு' நான்காம் வேற்றுமை. அதைப் பார்த்து வடமொழியிலும் நான்காவதைப் போட்டு 'சோராய பிபேதி' என்று எழுதினால் பிழை. அச்சம் எதிலிருந்து பிறக்கிறதோ அதற்கு ஐந்தாவது என்பது பாணினியின் விதி; 'சோராத் பிபேதி' என்பதே சரி. வேடிக்கை என்னவென்றால், தொல்காப்பியமும் அச்சச் சொல்லுக்கு ஐந்தும் இரண்டும் வரும் என்கிறது. இன்றைய பேச்சுத்தான் 'கு'வுக்கு நகர்ந்திருக்கிறது.

பன்மையில் இந்தப் பிழை ஒளிந்துகொள்ளும். தமிழில் 'கள்' தனி, 'கு' தனி. 'திருடர்களுக்கு' என்பதைப் பிரித்துக் காட்டலாம். வடமொழியில் எண்ணும் வேற்றுமையும் ஒரே விகுதிக்குள் கரைந்துவிடும். 'சோரேப்ய:' என்ற பன்மை வடிவம் நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் பொது. இருமையான 'சோராப்யாம்' மூன்றாவதையும் சேர்த்துக்கொள்கிறது. ஆகவே தவறாக நினைத்தவர் எழுதியதும் சரியாகவே இருக்கும். சந்தேகம் வந்தால் ஒருமைக்கு மாற்றிப் பாருங்கள்: 'சோராய' என்று நாக்கில் வந்தால் தமிழ் உள்ளே புகுந்துவிட்டது.